24 பிள்ளைகள், 40 கேள்விகள்: சக ஆசிரியர் கையில் ஒரு பாலினக் கவனிப்புத் தாள்

ஆசிரியர் ஒருவர் சக ஆசிரியரின் வகுப்பில் உட்கார்ந்து பாடத்தைக் கவனிப்பது நம் தமிழ்ப்பள்ளிகளுக்குப் புதிதல்ல. நிபுணத்துவக் கற்றல் சமூகம் என்ற பெயரில் வரும் நடவடிக்கைகளில் அதுவும் ஒன்று. ஆண், பெண் பிள்ளைகள் இருவரையும் சமமாக நடத்துகிறோமா என்று பார்ப்பதற்கும் சரிபார்ப்புப் பட்டியல்கள் உண்டு. அவை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: 'மாணவர், மாணவியர் இருபாலரிடமும் கேள்வி கேட்கிறாரா? ஆம் / இல்லை.' 'இருக்கை அமைப்பு இருபாலருக்கும் ஏற்றதாக உள்ளதா? ஆம் / இல்லை.' கவனிக்க வந்தவர் எல்லாவற்றுக்கும் 'ஆம்' போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுப்பார். பாடம் நடத்தியவருக்குத் தம் வகுப்பைப் பற்றிப் புதிதாக ஒரு செய்தியும் கிடைக்காது.

இதற்காகக் கவனிப்பவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு மாணவியிடம் கேட்டிருந்தாலும் அந்தக் கேள்விக்கு 'ஆம்'தான் நேர்மையான பதில். பட்டியல் எண்ணச் சொல்லவில்லை, கருத்துத்தான் கேட்டது. கருத்து என்று வந்தால் சக ஆசிரியரைப் பற்றி நல்லதாகத்தான் எழுதுவோம். அதனால் இருக்கை, கேள்வி, பாடநூல் எடுத்துக்காட்டு, பணிப் பங்கீடு என்ற நான்கையும் எண்ணியும் வரைந்தும் குறிக்கும்படியான தாள்தான் பயன்படும் என்பது என் கருத்து. பினாங்கில் இருப்பவர்களுக்கு இந்த அணுகுமுறை அந்நியமானதல்ல. பினாங்கு பெண்கள் மேம்பாட்டுக் கழகம் 2012இல் தீவு, செபராங் பிறை ஆகிய இரண்டு நகராண்மைக் கழகங்களோடு சேர்ந்து பாலினப் பார்வையிலான வரவு செலவுத் திட்டப் பணியைத் தொடங்கியது. செலவாகும் பணத்தால் பயன்பெறுவது ஆணா, பெண்ணா என்று பார்ப்பதுதான் அதன் அடிப்படை. வகுப்பறையில் செலவாவது ஆசிரியரின் நேரமும் கவனமும். அவை யாருக்குப் போயின என்று பார்க்க வேண்டும்.

தாளின் முதல் பக்கத்தில் ஒரு வரைபடம் மட்டும் போதும். பாடம் தொடங்குவதற்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்து, வெண்பலகை, கதவு, ஆசிரியர் மேசை, பிள்ளைகளின் மேசைகள் எல்லாவற்றையும் வரைந்துகொள்ளுங்கள். மாணவன் இருக்கும் இடத்தில் முக்கோணம், மாணவி இருக்கும் இடத்தில் வட்டம். அன்று வராத பிள்ளையின் இடத்தில் குறுக்குக் கோடு. பிறகு நடப்பதையெல்லாம் இந்த வடிவங்களுக்குள்தான் குறிக்கப் போகிறோம்.

இருக்கையைப் பற்றி ஆய்வாளர்கள் நெடுநாளாகச் சொல்லி வரும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஆடம்ஸ், பிடில் என்ற இருவர் 1970இல் வெளியிட்ட வகுப்பறை ஆய்வில், முன்வரிசையிலும் நடுப்பத்தியிலும் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளோடுதான் ஆசிரியரின் பேச்சு பெரும்பாலும் நடக்கிறது என்று கண்டார்கள். வரிசையாக மேசை போட்ட வகுப்புகள் அவை. நம் வகுப்புகளில் இப்போது நால்வர், ஐவராகக் குழுவில் உட்கார வைக்கிறோம். ஆனாலும் அந்த நடுப்பகுதி மறைந்துவிடவில்லை, கொஞ்சம் இடம் மாறியிருக்கிறது. ஆசிரியர் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே இருக்கும் குழு பேசப்படும் குழுவாகிறது. பலகைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பவர்கள் விடுபடுகிறார்கள். ஆகவே, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆசிரியர் எங்கே நிற்கிறார் என்று வரைபடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். ஒரு மணி நேரப் பாடத்தில் ஆறு புள்ளிகள் விழும். ஆறும் ஒரே மூலையில் இருந்தால் அதுவே ஒரு செய்தி.

இருக்கையில் இன்னொன்றும் இருக்கிறது. இதை எந்தப் பட்டியலிலும் நான் பார்த்ததில்லை, எந்த ஆசிரியர் அறையில் சொன்னாலும் உடனே தலையாட்டுவார்கள். சேட்டை செய்யும் பையனை அடக்க அவனுக்கு இருபுறமும் அமைதியான இரண்டு பெண்பிள்ளைகளை உட்கார வைப்போம். வகுப்பு அடங்கும். அந்த இரண்டு பேரும் அன்றிலிருந்து பாடம் கேட்பதோடு ஒரு காவல் வேலையும் பார்க்கத் தொடங்குகிறார்கள். 'டீச்சர், இவன் எழுதல' என்று சொல்வது அவர்கள் பொறுப்பாகிவிடுகிறது. பையனுக்கோ, பெண்பிள்ளை பக்கத்தில் உட்காருவது ஒரு தண்டனை என்று பதிந்துவிடுகிறது. இது வரைபடத்தில் தானாகத் தெரியாது. பாடத்துக்குப் பிறகு கேட்க வேண்டும்: இந்தப் பிள்ளை ஏன் இங்கே இருக்கிறாள்? 'அவளுக்குக் கண் சரியாத் தெரியாது' என்ற பதிலும் 'அவனைப் பாத்துக்குவா' என்ற பதிலும் ஒன்றல்ல.

இனி கேள்விக்கு வருவோம். நான்கில் இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

ஒரு கேள்வி கேட்கப்பட்டதும் அந்தப் பிள்ளையின் வடிவத்துக்குள் ஓர் எழுத்தைக் குறிக்கிறோம். 'நி' என்றால் நினைவிலிருந்தோ புத்தகத்திலிருந்தோ அப்படியே சொல்லும் விடை. 'ஏ' என்றால் ஏன், எப்படி என்று விளக்கச் சொல்லும் கேள்வி. 'க' என்றால் கண்டிப்பு: 'என்னடா பண்ற?', 'இப்ப நான் என்ன சொன்னேன்?' போன்றவை. ஆசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் பிள்ளை தானாகக் கத்திச் சொன்ன விடையென்றால் அந்த எழுத்தைச் சுற்றி ஒரு வளையம். இவ்வளவுதான். இதற்கு மேல் எழுத்துகளைச் சேர்த்தால் கவனிப்பவர் தாளைப் பார்த்துக்கொண்டே இருப்பார், வகுப்பைத் தவற விட்டுவிடுவார்.

இந்தக் குறிகள் என்ன காட்டும் என்பதற்கு ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை, ஆனால் இப்படிக் குறித்துப் பார்த்தவர்களுக்கு இவற்றின் போக்கு பழக்கமானதாகவே இருக்கும். செபராங் பிறையில் ஒரு தமிழ்ப்பள்ளி, நான்காம் ஆண்டு, கணிதம், ஒரு மணி நேரம். மாணவர்கள் 13, மாணவிகள் 11, ஆக 24 பேர். பாடத்துக்கு முன் ஆசிரியையிடம் ஒன்று கேட்கிறோம்: 'இன்னிக்கு யாருக்கு அதிகம் கேள்வி போகும்னு நெனக்கிறீங்க டீச்சர்?' அவர் யோசித்துவிட்டு, 'பொண்ணுங்களுக்குத்தான். பசங்களைக் கேட்டா சத்தம்தான் வரும்' என்கிறார். இந்த ஊகத்தைத் தாளின் மூலையில் அவர் கையாலேயே எழுதச் சொல்ல வேண்டும். காரணம் பிறகு புரியும்.

பாடம் முடிந்தபோது தாளில் 40 குறிகள். மாணவர்களுக்கு 25, மாணவிகளுக்கு 15. வகுப்பில் பெண்பிள்ளைகள் 46 விழுக்காடு, அவர்களுக்குக் கிடைத்த குறிகள் 38 விழுக்காடு. இதோடு நிறுத்தினால் 'ஆசிரியை பையன்களுக்குச் சாதகம் செய்தார்' என்று ஆகிவிடும். அது உண்மையுமல்ல, அவருக்கு நியாயமுமல்ல. பிரித்துப் பார்ப்போம். மாணவர்களின் 25இல் 9 வளையமிட்டவை, அதாவது கூப்பிடாமலே கத்திச் சொன்னவை. 6 கண்டிப்புகள். ஆசிரியை தாமாகப் பெயர் சொல்லிக் கேட்ட பாடக் கேள்விகள் 10 மட்டுமே. மாணவிகளின் 15இல் 14 அவர் பெயர் சொல்லிக் கேட்டவை. அவர் தேர்ந்தெடுத்துக் கேட்ட 24 கேள்விகளில் 14 பெண்பிள்ளைகளுக்கே போயின. அவருடைய ஊகம் சரிதான்! அவர் எண்ணியது தம் முடிவுகளை, தாள் எண்ணியது வகுப்பில் நடந்ததை. இரண்டுக்கும் நடுவில் நிற்பவை அந்த ஒன்பது வளையங்கள்.

ஆஸ்திரேலியரான டேல் ஸ்பெண்டர் தம் சொந்த வகுப்புகளையே ஒலிப்பதிவு செய்து இதே இடத்தில் தடுக்கி நின்றவர். பாலினச் சமத்துவம் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர், வேண்டுமென்றே சமமாக நடத்த முயன்றவர். பதிவைக் கேட்டபோது பெண்பிள்ளைகளோடு தாம் பேசிய நேரம் சராசரியாக 38 விழுக்காடுதான் என்று கண்டு 1982இல் எழுதினார். வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது அவருக்குத் தாம் பெண்பிள்ளைகளுக்கு அதிகமாகவே கொடுப்பதுபோலத் தோன்றியிருந்தது. பாடம் நடத்துபவரால் தம் வகுப்பைத் தாமே எண்ண முடியாது. சக ஆசிரியர் வந்து உட்காருவதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

கத்திச் சொல்லும் விடைகளை இன்னும் நெருங்கிப் பார்க்கலாம். ஒன்பதும் மூன்றே பையன்களிடமிருந்து வந்தவை. ஒரு மாணவியும் ஒருமுறை அப்படிச் சொன்னாள். அவளிடம் ஆசிரியை, 'கையத் தூக்கிட்டுச் சொல்லும்மா' என்றார். பையன்கள் சொன்னபோது 'ஆ, சரி' என்று விடையை ஏற்றுக்கொண்டு பலகையில் எழுதினார். அமெரிக்காவில் மைரா சாட்கர், டேவிட் சாட்கர் இணையர் 1980களில் நூற்றுக்கும் மேற்பட்ட வகுப்புகளைக் கவனித்தபோது இதையேதான் கண்டார்கள்: கூப்பிடாமல் பேசும் பையனின் விடை ஏற்கப்படுகிறது, பெண்பிள்ளைக்கு விதி நினைவூட்டப்படுகிறது. ஆசிரியை ஓரவஞ்சனை செய்யவில்லை. பையன்களின் சத்தம் அவருக்குப் பழகிவிட்டது, பெண்பிள்ளையின் சத்தம் பழகாததால் காதில் விழுந்தது.

அடுத்தது கேள்வியின் வகை. 'ஏ' என்று குறித்தவை மொத்தம் 11. அவற்றில் 8 மாணவர்களுக்கு, 3 மாணவிகளுக்கு. பெண்பிள்ளைகளிடம் பெரும்பாலும் 'விடை என்னம்மா?', 'கேள்வியைப் படி' என்றே கேட்கப்பட்டது. பையன்களிடம்தான் 'எப்படிடா வந்துச்சு?' என்ற கேள்வி போனது. பெண்பிள்ளை சரியான விடையைச் சொல்லிவிடுவாள் என்ற நம்பிக்கையே இதற்குக் காரணம். சரியாகச் சொல்லிவிட்டால் 'சரி, உட்காரு' என்று பாடம் நகர்கிறது. சாட்கர் இணையரின் கணக்கில் ஆசிரியர் பதில்களில் பாதிக்கு மேற்பட்டவை இப்படி வெறும் 'சரி'தான். புகழ்ச்சியுமில்லை, திருத்தமுமில்லை. பையன் சரியாகச் சொன்னால், பார்த்து எழுதினானோ என்ற ஐயத்தில் ஆசிரியர் தொடர்ந்து கேட்கிறார். அந்த ஐயம் அவனுக்கு விளக்கிப் பேசும் பயிற்சியைக் கொடுத்துவிடுகிறது.

தவறான விடை வரும்போது என்ன நடக்கிறது என்பதையும் தாளின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மாணவி தடுமாறினால் 'பரவாயில்ல, வேற யாரு?' என்று உடனே அடுத்தவரிடம் போவது இரக்கத்தால். பையன் தடுமாறினால் 'திரும்ப யோசி' என்று நிற்பது பழக்கத்தால். இரக்கம் காட்டப்பட்ட பிள்ளைக்கு இரண்டாம் வாய்ப்புக் கிடைக்கவில்லை. மேரி பட் ரோ 1970களில் கண்டு சொன்ன காத்திருப்பு நேரம் இங்கேதான் உதவும். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஏறத்தாழ ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், மூன்று வினாடிக்கு நீட்டினால் விடைகள் நீளமாகின்றன, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்றும் அவர் காட்டினார். கவனிப்பவர் மனத்துக்குள் 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று எண்ணினாலே போதும், கடிகாரம் வேண்டாம்.

தமிழில் நடக்கும் வகுப்புக்கு மட்டும் உரிய ஒரு குறியையும் சேர்க்கச் சொல்வேன். அந்த 'டா'வும் 'ம்மா'வும். வேற்றுமொழியில் எழுதப்பட்ட எந்தப் பட்டியலிலும் இது வராது. பையனிடம் 'சொல்லுடா', பெண்பிள்ளையிடம் 'சொல்லும்மா' என்பது நம் நாவில் தானாக வருவது, இரண்டிலும் அன்பு உண்டு. ஆனால் ஒரு மணி நேரம் கேட்டுப் பார்த்தால், 'டா' அன்பிலிருந்து கண்டிப்புக்கு எவ்வளவு எளிதாகத் தாவுகிறது என்பது தெரியும். 'ம்மா' அப்படித் தாவுவதில்லை. அது மென்மையாகவே இருந்து, கடினமான கேள்வியைப் பின்னால் வரவிடாமல் செய்துவிடுகிறது. இருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆசிரியரின் வகுப்பில் கேள்விகளும் கொஞ்சம் சமமாகின்றன என்பது என் அனுபவம். ஆய்வு முடிவு என்று சொல்ல மாட்டேன்.

'நம்ம நாட்டுல பொண்ணுங்கதானே நல்லாப் படிக்கிறாங்க, இதெல்லாம் எதுக்கு?' இந்தக் கேள்வி எந்த ஆசிரியர் அறையிலும் வரும், வரவும் வேண்டும். அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் மாணவிகளே பெரும்பான்மை. வாசிப்புத் தேர்வுகளில் பையன்கள் பின்தங்குகிறார்கள். அமெரிக்காவில் 40 ஆண்டுகளுக்கு முன் கண்டதை அப்படியே இங்கே தூக்கி வைக்க முடியாது. ஆனால் அதே தாளைப் பையன்கள் பக்கத்திலிருந்து படித்துப் பாருங்கள். அந்த 6 கண்டிப்புகளும் பின்னால் உட்கார்ந்திருந்த இரண்டே பையன்களுக்குப் போனவை. அந்த இருவருக்கும் அன்று ஆசிரியையிடமிருந்து கிடைத்த சொல் எல்லாமே கண்டிப்புத்தான். பாடத்தைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. இன்னும் நான்கு பையன்களின் முக்கோணங்கள் வெறுமையாகவே இருந்தன. மாணவிகளில் ஐந்து வட்டங்கள் வெறுமை. ஆக, 24 பேரில் 11 பேருக்குப் பாடம் பற்றிய ஒரு கேள்வியும் வரவில்லை, அவர்களில் ஆறு பேர் மாணவர்கள். 'பையன்களுக்குத்தான் அதிகம் போகிறது' என்ற மொத்த எண்ணின் அடியில், ஒன்றும் கிடைக்காத பையன்கள் ஒளிந்திருக்கிறார்கள். அதனால்தான் விழுக்காட்டை மட்டும் எழுதிக்கொடுக்கும் தாள் எனக்குப் பிடிப்பதில்லை. வரைபடத்தில் வெறுமையாக இருக்கும் வடிவங்களைப் பெயரோடு படிக்க வேண்டும். பத்துப் பேர் படிக்கும் சிறிய தமிழ்ப்பள்ளி வகுப்பில் விழுக்காட்டுக்கு அர்த்தமே கிடையாது, பெயர்கள்தான் பேசும்.

பாடநூலுக்கு வருவோம். புத்தகத்தை ஆசிரியர் மாற்ற முடியாது. பாடநூல் கடனுதவித் திட்டத்தில் நாடு முழுவதும் ஒரே நூல்தான் வருகிறது. மலேசியா, இந்தோனேசியா, பாகிஸ்தான், வங்காளதேசம் ஆகிய நாடுகளின் பாடநூல்களை ஒப்பிட்டு 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மொத்தத்தில் பெண்களின் பங்கு ஏறத்தாழ 40 விழுக்காடு என்றும், அவர்கள் வீட்டுக்குள்ளும் மதிப்புக் குறைந்த தொழில்களிலும் அதிகமாகக் காட்டப்படுகிறார்கள் என்றும் கண்டார்கள். அது நூலை எழுதுபவர்களுக்கான செய்தி. வகுப்பைக் கவனிப்பவர் பார்க்க வேண்டியது வேறு: அந்தப் பக்கத்தை ஆசிரியர் எப்படிக் கையாண்டார், தாமே சொன்ன எடுத்துக்காட்டுகளிலும் தயாரித்த பயிற்சித் தாளிலும் யார் என்ன செய்தார்கள். பகிர்ந்து பகிர்ந்து நமக்கு வந்து சேரும் பயிற்சித் தாள்களில்தான் பழைய வழக்கம் அதிகம், புத்தகத்தைவிட அதிகம்.

இங்கே தமிழ் நமக்கு ஒரு வசதி செய்துகொடுக்கிறது. மலாயில் 'dia' என்று எழுதினால் ஆணா பெண்ணா என்று தெரியாது. தமிழில் பெரும்பாலும் வினைமுற்றே சொல்லிவிடும். வாங்கினான், வாங்கினாள். 'வாங்கினார்' என்று மரியாதையாக வந்தால் மட்டும் வாங்கியது யார் என்று வாக்கியத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே தாளில் இரண்டு நிரல்கள் போட்டு வினைச்சொற்களை மட்டும் எழுதிக்கொண்டால் போதும். நாம் எடுத்துக்கொண்ட வகுப்பில் கால அளவு பாடத்தில் வந்த ஆறு கணக்குகளிலிருந்து எழுதியது இது: ஆண் பக்கம் ஓட்டினான், புறப்பட்டார், கட்டி முடித்தார், ஓடினான். பெண் பக்கம் சமைத்தார், படித்தாள். எண்ணிக்கை நான்கும் இரண்டும் என்பதைவிட வினைகளின் தன்மையைப் பாருங்கள். ஆண்கள் ஊரை விட்டுக் கிளம்புகிறார்கள், பெண்கள் ஓரிடத்தில் இருக்கிறார்கள். சமைத்த அம்மாவுக்கு 'ஆர்' கிடைத்திருக்கிறது, அது நல்லதே. சில பழைய தாள்களில் அப்பா 'வந்தார்', அம்மா 'வந்தாள்' என்று இன்னும் இருக்கிறது. அதையும் குறிக்க வேண்டும்.

பினாங்கில் இருந்துகொண்டு இந்தக் கணக்குகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தம் ஒன்று உண்டு. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972இல் தொடங்கிய நாளிலிருந்து அந்த மின்னணுத் தொழிற்சாலைகளின் உற்பத்தி வரிசைகளில் பெண்களின் உழைப்புத்தான் பெரிதும் இருந்திருக்கிறது. நம் பிள்ளைகள் பலரின் அம்மாவோ பாட்டியோ அங்கே இரவு வேலை பார்த்தவர்கள். அந்தப் பிள்ளையிடம் 'அப்பா வேலைக்குப் புறப்பட்டார், அம்மா சமைத்தார்' என்று கணக்குக் கொடுக்கிறோம். 'அமுதாவின் அம்மா இரவு 7.15க்கு வேலையைத் தொடங்கி மறுநாள் காலை 6.45க்கு முடித்தார். எவ்வளவு நேரம் வேலை செய்தார்?' என்று கேட்டால் கணக்கும் நன்றாக இருக்கிறது. நள்ளிரவைக் கடக்கும் கால அளவில்தான் பிள்ளைகள் தவறு செய்வார்கள். 7.15இலிருந்து 6.45ஐக் கழிக்கப் போய் அரை மணி நேரம் என்று விடை எழுதும் பிள்ளை கட்டாயம் ஒருவர் இருப்பார். சரியான விடை 11 மணி 30 நிமிடம். 'உங்க அம்மா அரை மணி நேரத்துல வீட்டுக்கு வந்துடுவாங்களா?' என்று கேட்டால் அந்தப் பிள்ளையே திருத்திக்கொள்ளும்.

பெயர்களை மட்டும் இடம் மாற்றிப் போடுவது இதற்கு ஈடாகாது. குமரன் இருந்த இடத்தில் குமாரி, மற்றதெல்லாம் அப்படியே என்றால் பிள்ளைகள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். பத்துக் கணக்கில் ஒரே ஒரு பெண் விமானி வந்தாலும் அப்படித்தான். கணக்கில் பணம் யாருடையது, முடிவெடுப்பவர் யார் என்று இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பார்த்தால், மாற்றம் மேலோட்டமானதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

பணிப் பங்கீட்டில் பார்க்க வேண்டியது கைகளை. யார் கையில் என்ன இருக்கிறது? குழு வேலை நடக்கும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு குழுவைப் பார்த்து, மாஜோங் தாளில் எழுதும் பேனா யார் கையில், அளவுகோலோ கடிகார மாதிரியோ யார் கையில், சும்மா இருப்பது யார் கை என்று குறித்துக்கொள்ளுங்கள். 20 நிமிடக் குழு வேலையில் நான்கு குறிப்புகள் கிடைக்கும். நான்கிலும் பேனா ஒரே மாணவியிடம், பொருள் ஒரே மாணவனிடம் இருப்பதைப் பெரும்பாலும் காண்பீர்கள். அவளுக்குக் கையெழுத்து அழகு, அதனால் எழுதுகிறாள். தாள் நிரம்பியதும் வகுப்பின் முன் போய்ப் படைப்பவன் வேறொருவன். இதில் இருவருக்கும் நட்டம். அவள் பொருளைத் தொட்டுப் பார்க்கவில்லை, வகுப்பின் முன் பேசவுமில்லை. அவன் ஒரு வாக்கியம்கூட எழுதவில்லை. பையன்களுக்கு எழுத்து வரவில்லை என்று நாம் குறைப்படும்போது, ஒரு தவணை முழுவதும் குழு வேலையில் அவர்கள் பேனா பிடித்த நிமிடங்கள் எத்தனை என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

வகுப்புக் கடமை அட்டவணையையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். கூட்டுவது யார், நாற்காலி தூக்குவது யார், ஆசிரியர் அறைக்குப் புத்தகம் கொண்டுபோவது யார். 'பலமான ரெண்டு பசங்க வாங்க' என்பதை 'ரெண்டு பேர் வாங்க' என்று மாற்றினால் பத்து வயதில் எல்லாருமே ஓடி வருவார்கள். அந்த வயதில் உயரத்தில் பெண்பிள்ளைகள் பின்தங்கியவர்களே அல்லர்.

நான்கையும் ஒரே நாளில் பார்க்க முயலாதீர்கள். ஒரு வருகைக்கு ஒன்று, எதைப் பார்ப்பது என்பதைப் பாடம் நடத்துபவரே தேர்ந்தெடுக்க வேண்டும். தாளும் அவரிடமே இருக்க வேண்டும். நிர்வாகம் தரநிலைப்படி மதிப்பெண் போடும் மேற்பார்வைக் கோப்புக்குள் இது ஒருமுறை போய்விட்டால், அடுத்த முறை வகுப்பு ஒத்திகை பார்த்த நாடகமாகிவிடும். ஆள் உட்கார்ந்திருந்தாலே பாடம் நடத்துபவரின் நடை கொஞ்சம் மாறத்தான் செய்யும். அதனால் முதல் பத்து நிமிடக் குறிகளையும் கடைசி இருபது நிமிடக் குறிகளையும் தனித்தனியே பாருங்கள். பழக்கம் கடைசியில்தான் திரும்பி வரும். ஒரு பாடத்தில் இரண்டு மூன்று குறி கூடுவதும் குறைவதும் எதையும் சொல்லாது. ஒரே போக்கு மூன்று பாடங்களில் தெரிந்தால் பேசலாம். கவனிப்பவரின் காதும் சரியாக இருக்க வேண்டும். 'இப்ப நான் என்ன சொன்னேன்?' என்பது ஒருவருக்குப் பாடக் கேள்வி, இன்னொருவருக்குக் கண்டிப்பு. புதிதாகத் தொடங்கும் இருவர் ஒரே பாடத்தைச் சேர்ந்து கவனித்து, குறிகளை ஒப்பிட்டுவிட்டுத் தனித்தனியே போவது நல்லது.

பாடத்துக்குப் பிறகான பேச்சில் கவனிப்பவர் தம் கருத்தோடு தொடங்கக்கூடாது. வரைபடத்தை மேசையில் வைத்து, மூலையில் ஆசிரியை எழுதிய ஊகத்தைக் காட்டிவிட்டு, அவர் பார்க்கும்வரை பேசாமலிருக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டு ஆசிரியை முதலில் பார்ப்பது 40ஐயோ 25ஐயோ அல்ல. வெறுமையான ஒரு வட்டத்தைத் தொட்டு, 'இவ நல்லா செய்வாளே, இன்னிக்கு நான் இவளப் பாக்கவே இல்லையா?' என்கிறார். எண்களைவிட இந்தக் கேள்விதான் வேலை செய்யும்.

அவர் மாற்றுவதாக எடுத்துக்கொண்டவை இரண்டு. 24 பெயர்களையும் பனிக்கூழ்க் குச்சிகளில் எழுதி ஒரு குவளையில் போட்டு, எடுக்கும் பெயரைக் கேட்பது. கூப்பிடாமல் சொல்லும் விடையை, சொல்பவர் யாராக இருந்தாலும், பலகையில் எழுதாமல் இருப்பது. மூன்று வாரம் கழித்து அதே வகுப்பு, அதே 24 பேர். இப்போது குறிகள் 31. மாணவர்களுக்கு 17, மாணவிகளுக்கு 14. வளையங்கள் மூன்றாகவும் கண்டிப்புகள் இரண்டாகவும் குறைந்தன. பாடக் கேள்வியே வராத பிள்ளைகள் 11 பேராக இருந்தது மூன்று பேரானது. 'ஏ' கேள்விகள் 12இல் 6 மாணவிகளுக்குப் போயின.

ஆனால் பயிற்சித் தாளில் கடைசி இரண்டு கணக்குகளுக்கு நேரமில்லாமல் போய்விட்டது. காத்திருப்பதற்கு நேரம் செலவாகிறது, இதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. இன்னொன்றும் நடந்தது. அந்த ஆறு 'ஏ' கேள்விகளில் நான்குக்கு மாணவிகள் 'தெரியல டீச்சர்' என்றார்கள். விடை தெரியாதவர்கள் அல்லர், விடையைச் சரியாக எழுதியிருந்தார்கள். எப்படி வந்தது என்று வாய்விட்டுச் சொல்லிப் பழக்கமில்லை. கேள்வியைச் சமமாகப் பங்கிட்டால் மட்டும் பேச்சு வந்துவிடாது. முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு நிமிடம் சொல்லிப் பார்க்கவிட்டு, பிறகு குச்சியை எடுக்கலாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். குவளையில் எடுத்த குச்சியைத் திரும்பப் போடுவதா வெளியே வைப்பதா என்பதில் கொஞ்சம் வாதம். வெளியே வைத்துவிட்டால், ஒருமுறை பதில் சொன்ன பிள்ளை 'இனி என் பேரு வராது' என்று சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறது. அதனால் திரும்பப் போடுவதென்றும், கடைசிப் பத்து நிமிடத்தில் மட்டும் இதுவரை வராத பெயர்களை எடுப்பதென்றும் வைத்துக்கொண்டார்கள். அடுத்த வருகையில் மாஜோங் தாளில் பேனா பிடிப்பது யார் என்று பார்க்கச் சொல்லி ஆசிரியையே கேட்டிருக்கிறார்.